ஏழாவது ரோலில் முப்பத்தொன்றாவது படம்

கல்யாணம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கல்யாண வீட்டில் உண்மையான சண்டை தொடங்கும். சாம்பாரில் உப்பு குறைந்ததை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். பந்தலில் காற்றாடி சுற்றாததையும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் ஆல்பத்தில் தன் முகம் இல்லையென்றால் அந்த மனத்தாங்கல் அடுத்த தலைமுறை வரைக்கும் போகும். பனச்சமூடு ஜங்ஷனில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜெயதாஸின் ஸ்டுடியோவில் படம் பொறுக்கும் வேலை பார்த்த கிருபாபாய்க்கு இது நன்றாகத் தெரியும்.

படம் எடுப்பது ஜெயதாஸ். திருவனந்தபுரத்து லேபில் கழுவி, எல்லாப் படத்தையும் தபால் அட்டை அளவில் போட்டுக் கொண்டுவருவதும் அவர்தான். அதற்குமேல் அவருக்குப் பொறுமை கிடையாது. முன்னூற்றைம்பது படங்களிலிருந்து பெரிதாக்கி ஆல்பத்தில் ஒட்ட வேண்டிய நூறை எடுத்துக் கொடுப்பது கிருபாபாயின் பொறுப்பு. அவள் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் மூன்று மார்க் போடுவாள். முதல் மார்க் மனசுக்கு: பார்த்ததும் உள்ளே ஏதாவது அசைகிறதா. இரண்டாவது சட்டத்துக்கு: தலை வெட்டுப்பட்டிருக்கிறதா, பின்னால் பந்தல்கால் கொம்பு மாதிரி முளைத்திருக்கிறதா, ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தைச் சுண்ணாம்பாக்கியிருக்கிறதா. மூன்றாவது ஆளுக்கு. இந்த மூன்றாவதில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஏற்கெனவே நாலு படத்தில் பல்லைக் காட்டியவர் ஐந்தாவதிலும் வந்து நின்றால் ஒன்றோ இரண்டோதான். வேறு எதிலுமே இல்லாத ஒரு ஆள் இருந்தால், படம் எவ்வளவு மோசமானாலும் பத்து.

மூன்றையும் கூட்டி வரிசைப்படுத்துவாள். தாலி கட்டு, கைபிடித்துக் கொடுப்பது, மாலை மாற்று, இவற்றுக்கு மட்டும் மார்க் பார்ப்பதில்லை. இருப்பதில் நல்லதை எடுத்து முதலிலேயே தனியாக வைத்துவிடுவாள். மிச்சத்தில் மேலிருந்து கீழே எண்ணி வருவாள். ஒரே கூட்டம் இரண்டு படத்தில் இருந்தால் எல்லோரும் கண் திறந்திருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவாள். கடைசியில் கல்யாண வீட்டார் எழுதிக் கொடுத்த உறவுக்காரர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக டிக் அடிப்பாள். டிக் விழாத பெயர் இருந்தால் தள்ளின படங்களுக்குள் மறுபடியும் தேடுவாள்.

"ஒனக்கு என்ன பைத்தியமா கிருபா? பின்னால நிக்கப்பட்ட ஆளையெல்லாம் எதுக்கு லென்ஸு வச்சுப் பாக்கே?" என்று ஜெயதாஸ் கேட்பார்.

"நம்ம தொழிலாக்கும் அண்ணே" என்பாள்.

அது பாதி உண்மை. மீதி உண்மையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறாம் வருஷம் ஆடி மாத மழையில், அவள் புருஷன் ரெத்தினதாஸ் ஒரு வெள்ளிக்கிழமை சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டு இறங்கினான். புதன்கிழமை அமரவிளைப் பக்கம் நெய்யாற்றங்கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. ஐந்து நாள் தண்ணீரில் கிடந்த உடல். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் இருந்தது. ரெத்தினதாஸிடமும் நீலக் கட்டச் சட்டை உண்டு. முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பாறசாலைக் கடைகளில் அந்தத் துணிதான் மலிவாகக் கிடைத்தது. போலீஸ்காரர் நின்றார், சபை உபதேசியார் நின்றார், ஊரே கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. "பாத்துச் சொல்லு பிள்ளே" என்றார்கள். அவள் ஒரு நொடிதான் பார்த்தாள். ஆமென்று சொன்னாள்.

ஏன் சொன்னாள்? அவளுக்கே தெரியாது. நாற்றம் தாங்கவில்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லையென்று சொன்னால் மறுபடியும் பார்க்கச் சொல்வார்களோ என்று பயம். உடலைக் கொண்டுபோய் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். தலைமாட்டில் நட்ட சிமென்ட் குரிசில் ரெத்தினதாஸ் என்று எழுதினார்கள். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த உடலின் இடது கையைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. பாக்கு மரத்திலிருந்து விழுந்ததில் ரெத்தினதாஸுக்கு இடது சுண்டுவிரல் கோணிப்போய் வெளிப்பக்கமாக நிற்கும். அதைப் பார்த்திருந்தால் போதும், விஷயம் அப்போதே தெளிவாகியிருக்கும். பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே யாரோ கை கழுவிவிட்டு வந்து உட்காரப்போவது போல இருக்கும். கல்லறைக்குப் பூ கொண்டுபோனால், உள்ளே இருப்பவன் 'நீ யாரம்மா' என்று கேட்பது போல இருக்கும். உயிரோடு இருக்கிறவன் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற கல்யாணம் எல்லாம் ஒருநாள் தன் மேசைக்கு வரும் என்றுதான் அவள் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்திருப்பாள்! ஒன்றும் கிடைக்காத ஒவ்வொரு பொட்டலமும் அவளுக்கு ஒரு நாளைய தூக்கத்தைக் கொடுத்தது. கிடைக்கக்கூடாது என்றுதான் தேடினாள் என்றுகூடச் சொல்லலாம்.

தொண்ணூற்றாறு வைகாசியில் சிவானந்தம் பிள்ளை வீட்டுக் கல்யாணப் படங்கள் வந்தன. குன்னத்துகால் பக்கம் நிலபுலன் உள்ள சைவக் குடும்பம். மகள் ஆனந்தலட்சுமியை நெய்யாற்றின்கரைப் பையன் சபரிநாதனுக்குக் கொடுத்திருந்தார்கள். பத்து ரோல், முன்னூற்று ஐம்பத்தெட்டு படம். கிருபாபாய் காலையிலேயே உட்கார்ந்தாள். கைபிடித்துக் கொடுத்துவிட்டு நின்ற சிவானந்தம் பிள்ளையின் தாடை நடுங்கிய படத்துக்கு மனசுக்குப் பத்து போட்டாள். மணமகனின் நண்பர்கள் பன்னிரண்டு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற படத்துக்கு மனசுக்கு சைபர் போட்டாள். சிரிப்புக்கு மார்க் இருந்தால் அதற்குப் பத்து கொடுத்திருப்பாள்.

சாயங்காலம் பட்டியலை எடுத்து டிக் அடித்தபோது ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. தாணுமாலயன் பிள்ளை. பெண்ணின் தாய்மாமன்.

தாய்மாமன் இல்லாத ஆல்பமா! கிருபாபாய்க்கு வியர்த்தது. ஜெயதாஸிடம் கேட்டாள்.

"அந்த ஆளு கோவிச்சுட்டு தோப்புல போயி இருந்துட்டாரு" என்றார் ஜெயதாஸ். "பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டு வரது அவருக்க முறையாக்கும். முகூர்த்தம் தெத்திரும்னு சொல்லி வேற யாரோ கூட்டிட்டு வந்துட்டாவ. பொறவு கடைசிப் பந்தியில வந்து இருந்து உண்டாரு. நான் போற போக்கில ஒண்ணு அடிச்சேன்னு தோணுது."

தள்ளின குவியலில் அது இருந்தது. ஏழாவது ரோல், முப்பத்தொன்றாவது படம். பாயச வாளி குறுக்கே வந்து தாணுமாலயன் பிள்ளையின் தோளை மறைத்திருந்தது. அவர் ஃபோகஸில் கூட இல்லை. வாளி மறைத்த படம்தானே என்று லென்ஸ் வைக்காமலே மனசு இரண்டு, சட்டம் ஒன்று என்று முன்பே போட்டுத் தள்ளியிருந்தாள். இப்போது ஆளுக்குப் பத்து எழுதிவிட்டுப் படத்தைத் திருப்பினாள். ஃபோகஸ் யார்மேல் விழுந்திருக்கிறது என்று பார்க்க லென்ஸை வைத்தாள்.

பக்கத்து இலைக்காரன்மேல் விழுந்திருந்தது. அவன் போதும் என்று சொல்ல இலைக்குமேல் இடது கையை விரித்துப் பிடித்திருந்தான். சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளியே போயிருந்தது. லென்ஸை முகத்துக்கு நகர்த்தினாள். நரைத்திருந்தான். கன்னம் சதை வைத்திருந்தது. வாயில் சோறு இருந்தது.

கிருபாபாய் லென்ஸைக் கீழே வைத்தாள். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தன் நெஞ்சுக்குள் கேட்பதாக நினைத்து அவள் ரவிக்கைமேல் கையை வைத்துப் பார்த்தாள். ஆறு வருஷமாகப் பயந்தது மேசைமேல் கிடந்தது. கோபமா, சந்தோஷமா? இரண்டும் இல்லை. 'அப்போ அங்கே கிடக்கிறது யாரு?' என்பது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து இரு வீட்டாரும் படம் பார்க்க வந்தார்கள். சிவானந்தம் பிள்ளையும் மனைவி உமையம்மாளும் ஒரு பெஞ்சில். மணமகனின் அக்கா லேகா எதிரில். வழக்கப்படி கிருபாபாய் தேர்ந்தெடுத்த நூறையும் வரிசையாகப் பரப்பினாள். தாடை நடுங்கிய படத்தைப் பார்த்துச் சிவானந்தம் பிள்ளை மூக்கைச் சிந்தினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. உமையம்மாள் முப்பத்தொன்றாவது படத்தை எடுத்தாள்.

"எங்க அண்ணன்! இது ஒண்ணுதானா இருக்கு?"

"இது ஒண்ணுதான் உண்டும்மா."

"இதையும் போடல்லேன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லேன்னு ஆயிரும். அது கிடக்கட்டும், பக்கத்துல இருக்கப்பட்டது யாரு? உங்க ஆளா லேகா?"

லேகா படத்தை வாங்கிப் பார்த்தாள். "அய்யோ, எங்க ஆளல்ல. நிங்கட சொந்தக்காரனாக்கும்னு நான் நினைச்சேன்."

"எங்க சொந்தத்துல இப்படி ஒருத்தன் இல்லியே" என்றார் சிவானந்தம் பிள்ளை. படம் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை பேர் நடுவில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டவனை யாருமே அறியவில்லை. தான் ஒருத்திதான் அவனைப் பார்க்கிறோமோ, அந்த விரலும் கன்னமும் தன் கண்ணில் மட்டும் படுகிறதோ என்று கிருபாபாய் ஒரு நிமிஷம் பயந்துபோனாள்.

"யாரோ ஓசிச் சோத்துக்கு வந்தவன். அவனை வெட்டிட்டு அத்தானை மட்டும் பெருசாக்குங்கோ" என்றார் சிவானந்தம் பிள்ளை.

"அதுக்கென்ன, செய்யலாம்" என்றார் ஜெயதாஸ். சிவப்புப் பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார். "கிருபா, கோடு போடு. லேபில அந்த அளவுக்கு எடுத்துருவினும்."

கிருபாபாய் பென்சிலை வாங்கினாள். தாணுமாலயன் பிள்ளையின் முழங்கைக்கும் அந்த இடது கைக்கும் நடுவே ஒரு கோடு. ஒரு இழுப்பு. இழுத்துவிட்டால் அவன் எந்த ஆல்பத்திலும் இருக்கமாட்டான். அவள் சொன்ன ஆமென்பது ஆமென்றே இருக்கும். குரிசில் எழுதியிருப்பது சரியாகிவிடும். கை கோட்டுக்கு இறங்கியது. படத்தில் படவில்லை.

"வெட்டினா பாதிப் படமாக்கும் மிஞ்சும் ஐயா" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "தாய்மாமன் ஏற்கெனவே ஃபோகஸில இல்ல. பாதியைப் பெருசாக்கினா முகமெல்லாம் பொரிப் பொரியா ஆயிரும். நான் அவரைக் கண்டு கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுகேன்."

தாய்மாமனைக் கேட்பது என்றதும் உமையம்மாளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "அதுதான் முறை" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் குன்னத்துகால் போனாள். தாணுமாலயன் பிள்ளை மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்து வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆல்பம் என்றதும் முறுக்கிக்கொண்டார். தன் படம் இருக்கிறது என்றதும் முறுக்கு தளர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வாங்கினார்.

"வாளிக்காரன் கெடுத்துட்டான்" என்றார். "இருந்தாலும் நான்தான். சரி, போடுங்க. தங்கச்சிக்க ஆசைக்குத்தானே."

"பக்கத்துல இருக்கிய ஆளை வெட்டணும்னு சொல்லுகாவ ஐயா. யாருன்னு தெரியல்லியாம்."

"ஏன் வெட்டணும்? அன்னைக்கு என்னை மனுஷன்னு மதிச்சுப் பேசினது அவன் ஒருத்தன்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிடிச்சுட்டு வந்த வேனுக்க டிரைவராக்கும். காட்டாக்கடைப் பக்கம் எங்கயோ. அவங்களுக்கு டிரைவருக்க முகம் எங்க தெரியும்? முதுகைத்தானே பாத்திருப்பாங்க."

கிருபாபாய் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை.

"பாவம், தனி ஆளு. நான் என் சங்கடத்தைச் சொன்னேன், அவன் அவன் சங்கடத்தைச் சொன்னான். பெண்டாட்டி செத்துப்போனாளாம். ஆறு வருஷம் ஆச்சாம். நெய்யாத்துல விழுந்து அஞ்சு நாள் கழிச்சு ஒதுங்கினாளாம். முகமே இல்லியாம். சேலையைப் பாத்து இவன்தான் அடையாளம் சொன்னானாம். சொல்லும்போது சோறு இறங்கல்ல அவனுக்கு."

தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிருபாபாய் மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அஞ்சு நாள். முகம் இல்லை. துணியைப் பார்த்து. அவளுடைய கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊர்தான் சொல்லியிருக்கிறது, அது காட்டாக்கடை வரைக்கும் போயிருக்கிறது. தான் செத்துப் புதைக்கப்பட்ட செய்தி அவன் காதுக்கு அப்போதே எட்டியிருக்கிறது. கேட்டுவிட்டு அவன் திரும்பி வரவில்லை. கதையை அப்படியே எடுத்து, சட்டைக்குப் பதில் சேலையை மாட்டி, அவளைத் தண்ணீரில் போட்டிருக்கிறான். ஆறு வருஷமாக அவள் அவனுக்குப் பூ வைத்தாள். அவன் அவளுக்காக ஊர் ஊராக வருத்தப்பட்டிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிற்காது என்று பயந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பிள்ளே, தண்ணி வேணுமா?"

"வேண்டாம் ஐயா. வாறேன்."

பஸ்ஸில் வரும்போது ரெத்தினதாஸ் அவள் மனத்தில் சீக்கிரமே மங்கிப்போனான். இருக்கட்டும், வேன் ஓட்டட்டும், எங்கேயாவது கடைசிப் பந்தியில் சாப்பிடட்டும். அவனுக்கு இனி மார்க் போட ஒன்றும் இல்லை. ஆனால் கரையில் கிடந்த அந்த நீலக் கட்டச் சட்டை மங்கவில்லை. அது யாரோ ஒருத்தி தேய்த்துக் கொடுத்த சட்டை. அவள் புருஷனோ மகனோ கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பான். அவள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்திருப்பாள். போலீஸில் போய்க் கேட்டிருப்பாள், அப்படி ஒரு பிணம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். கிடைத்த பிணத்துக்குத்தான் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி வந்துவிட்டாளே.

அந்தப் பெண்ணின் ஆளை நான் திருடிவிட்டேன் என்று கிருபாபாய் நினைத்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் படத்தை ஜெயதாஸ் முன் வைத்தாள்.

"வெட்டண்டாம் அண்ணே. முழுசாப் போடுங்க. ஆளு தெரிஞ்சுபோச்சு, வேன் டிரைவராக்கும். தாய்மாமனே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. பின்னே, எனக்கு ஒரு காப்பி தனியா வேணும்."

"ஒனக்கு எதுக்கு?"

சொன்னாள். ஆற்றங்கரையிலிருந்து மரச்சீனித் தோட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயதாஸ் கேட்டுக்கொண்டே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தான் எடுத்த படத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விட்டுரு கிருபா" என்றார் கடைசியில். "ஊரு ஒன்னைக் கொத்திப் பிடுங்கிரும். புருஷனை உயிரோட வச்சிட்டுப் புதைச்சவள்னு சொல்லும்."

"சொல்லட்டும் அண்ணே. நான் அதைத்தானே செய்தேன்."

அடுத்த வாரம் படம் வந்தது. அவள் அதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அந்த உடலைப் பதிவு செய்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள். எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"எந்தா காரியம்? கல்யாண ஃபோட்டோ அல்லே இது?"

"இந்த ஆளு எனக்க மாப்பிள்ளை சாரே. ரெத்தினதாஸ். தொண்ணூறில ஆத்தில செத்துப்போனான்னு உங்க புக்கில எழுதியிருக்கும்."

போலீஸ்காரர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனைக் கண்டுபிடிச்சுத் தரணுமா?"

"இவன் வேண்டாம் சாரே" என்றாள் கிருபாபாய். "அந்த வருஷம் ஆடி மாசம் நீலக் கட்டம் போட்ட சட்டையோட காணாமப் போன ஒருத்தரைத் தேடி யாராவது வந்தாவளான்னு பாருங்க. அந்த வீட்டுல ஒரு பொம்பிளை இருப்பா. அவகிட்ட சொல்லணும். அவளுக்க ஆளு எங்கக் கல்லறையிலதான் கிடக்காரு. ஒவ்வொரு வருஷமும் பூ வச்சுட்டுத்தான் இருக்கேன்னும் சொல்லணும்."

"அன்னைக்கு பாடியைக் கண்டு அடையாளம் சொன்னது யாரு?"

"நான்தான் சாரே. அது பொய்யாக்கும். எழுதிக்கிடுங்க, நான் கீழ ஒப்பு போடுகேன்."